60 வயதில் மாதம் 1,000 வேண்டுமென்றால்

"அண்ணா, நான் இந்த வெளிநாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, வயது 30. 60-இல் வேலையை விடுவதாக இருந்தால், அரசு ஓய்வூதியம் போக இன்றைய விலைவாசியில், இந்த நாட்டுப் பணத்தில் மாதம் 1,000 என் சேமிப்பிலிருந்து வந்தால் போதும். அதற்கு மாதம் எவ்வளவு போட வேண்டும்? எந்த வங்கி நல்லது? வீடு இப்போதே வாங்கலாமா?"

தம்பி, வங்கியை உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பற்றி இங்கே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், நான் அதற்குள் போகவில்லை. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டவன்.

நான் வந்த புதிதில் நம்மவர் ஒருவர், காப்பீட்டு முகவர், வீடு தேடி வந்தார். வெளியூரில் நம் மொழி பேசுகிறவர் கிடைத்தால் நமக்கு மனசு இளகிவிடும், அவர்களுக்கும் அது தெரியும். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: மாதாமாதம் இவ்வளவு கட்டுங்கள், 60-லிருந்து சாகும்வரை மாதம் இவ்வளவு வரும். தொகை பெரிதாகத் தெரிந்தது, கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடம் கழித்து வீட்டு வாடகை உயர்ந்த கடிதம் வந்த நாளில்தான் அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாடகை ஏறியிருந்தது, தாளில் இருந்த தொகை ஏறவில்லை. 60-இலும் அதே தொகை, 85-இலும் அதே தொகை. விலைவாசி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அந்தத் தாளுக்குத் தெரியாது.

உங்கள் கணக்கில் விலைவாசி இரண்டு இடத்தில் கடிக்கும். பலர் முதல் கடியைக் கவனிப்பார்கள், இரண்டாவதை விட்டுவிடுவார்கள்.

முதல் கடி, நீங்கள் 60-ஐத் தொடுவதற்கு முன். ஆண்டுக்கு 3% பணவீக்கம் என்று வைத்தால், 30 வருடத்தில் விலைகள் ஏறத்தாழ 2.43 மடங்கு ஆகும். இன்றைய 12,000 ஆண்டுச் செலவு அப்போது 29,127. ஓய்வின் முதல் வருடத்திலேயே அவ்வளவு எடுக்க வேண்டும்.

இரண்டாவது கடி, ஓய்வு பெற்ற பிறகு. 61-இல் 29,127 போதாது, 30,001 வேண்டும். 62-இல் 30,901. இப்படி 90 வயதுவரை 30 முறை எடுக்க வேண்டும். மிச்சப் பணம் அதுவரை 5% வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் எடுத்தால் முதல் வருடத் தொகையைப் போல 23 மடங்கு கையில் இருக்க வேண்டும், அதாவது சுமார் 6.7 லட்சம். 5% வட்டி என்று கேட்க நன்றாக இருக்கும், ஆனால் எடுக்கும் தொகை 3% ஏறுவதால் உண்மையில் மிஞ்சுவது 2%-க்கும் சற்றுக் குறைவுதான்.

அந்த முகவர் பாணியில், எடுக்கும் தொகை கடைசிவரை 29,127-தான் என்று கணக்குப் போட்டால் 4.7 லட்சம் போதும் என்று வரும். அதை நம்பி 4.7 லட்சத்தோடு வேலையை விட்டு, விலைவாசிக்கு ஏற்ப எடுக்கத் தொடங்கினால் 79 வயதில் பணம் தீர்ந்துவிடும். முதல் கடியையும் மறந்து, இன்றைய 12,000-ஐ வைத்தே கணக்குப் போட்டவருக்கு 1.94 லட்சம் போதும் என்று வரும். அது ஏழே வருடம் ஓடும்.

நம்பாவிட்டால் நீங்களே எக்செல்லில் போட்டுப் பாருங்கள். B2-இல் கையிருப்பு 670366, C2-இல் அந்த வருடம் எடுக்கும் தொகை 29127. அடுத்த வரிசையில் B3-க்கும் C3-க்கும் முறையே இவை, பிறகு கீழே இழுத்துவிடுங்கள்:

```
=(B2-C2)*1.05
=C2*1.03
```

31-ஆம் வரிசையில் B-யும் C-யும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். அதுதான் கடைசி முறை எடுப்பது. எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. இரவு வேலை முடித்து நூலகக் கணினியில் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில் மூன்று வாரம் தப்புத் தப்பாகப் போட்டுக் கற்றுக்கொண்டேன்.

சரி, மாதம் எவ்வளவு? சேர்க்கும் காலத்தில் 6% கிடைக்கிறது, ஒரு வருடம் போட்ட பணத்துக்கு அடுத்த வருடத்திலிருந்துதான் வட்டி என்று வைப்போம். 30 வருடமும் ஒரே தொகை போட்டால் மாதம் சுமார் 707. புதிதாக வந்தவருக்கு அது பாரம். ஆனால் சம்பளம் ஏறும்போது போடும் தொகையையும் வருடம் 3% ஏற்றிக்கொண்டே போனால், முதல் வருடம் மாதம் 505 போதும். நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கை: ஏற்றுவதை மறந்தால் அந்த 505 வெறும் 505-ஆகவே நின்றுவிடும், இலக்கு எட்டாது.

"கடனை அடைத்துவிட்டு அஞ்சு வருஷம் கழிச்சுத் தொடங்குறேன்" என்று நானும் சொன்னவன்தான். ஐந்து வருடம் தள்ளினால் தொடக்கமே மாதம் 762 ஆகும். முதலிலேயே தொடங்கியவர் அந்த ஆறாவது வருடத்தில் போடுவது 585-தான். நான் தள்ளியது ஐந்து அல்ல, எட்டு வருடம்.

அப்புறம் நம் ஆட்களின் ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் ஊர்ப் பணத்துக்கு மாற்றிப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவா!" என்று நிம்மதியாகிவிடுவார்கள். முதுமையில் எங்கே செலவு செய்யப் போகிறீர்களோ அந்த இடத்தின் பணவீக்கம்தான் கணக்கில் வர வேண்டும். ஊருக்குத் திரும்புவதாக இருந்தால் ஊரின் விலையேற்றத்தைப் போடுங்கள், அது 3%-ஐ விட அதிகமென்றால் 23 மடங்கு போதாது. திரும்புவேன் என்று சொல்லிக்கொண்டே இங்கேயே நரைத்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகையால் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. 5% என்று நான் எழுதினாலும் சந்தை வருடா வருடம் 5% தராது. ஓய்வின் முதல் வருடத்திலேயே பணம் 20% விழுந்தது, பிறகு ஒழுங்காக 5% வளர்ந்தது என்று வையுங்கள். 30 முறை எடுக்க வேண்டிய பணம் 21 முறையோடு தீர்ந்துவிடும். அதே வீழ்ச்சி 29-ஆம் வருடத்தில் வந்தால் பெரிதாகத் தெரியாது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் மோசமான காலங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் முதல் வருடம் கையிருப்பில் 4% எடுக்கலாம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப ஏற்றலாம் என்று சொன்னார், அதாவது 25 மடங்கு. நான் 25 என்றே வைத்திருக்கிறேன். அதோடு, கடைசி சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைப் பங்குகளிலிருந்து வெளியே எடுத்து, முதல் நான்கைந்து வருடச் செலவைத் தனியாக ஒதுக்கி வைக்கிறேன்.

அந்த முகவரின் திட்டத்தை நட்டத்தோடு முடித்துக்கொண்டேன். எத்தனை மாதச் சம்பளம் போனது என்று மனைவிக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. அந்த முகவர் கொடுத்த தாள் மட்டும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் வங்கியில் மாதாந்தரத் தொகையை 3% ஏற்றும்போது அதை எடுத்துப் பார்ப்பேன். "இந்தக் கிழிசலை எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று அவள் கேட்பாள், "அதுல ஒரு நம்பர் இருக்கு" என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன்.