பாலிமரேஸ் 1, பாலிமரேஸ் 3, லிகேஸ்: பின்தங்கும் இழையில் யாருக்கு என்ன வேலை?

கேள்வி: டி.என்.ஏ. இரட்டிப்பாதலை எத்தனை முறை படித்தாலும் பாலிமரேஸ் 1, பாலிமரேஸ் 3, லிகேஸ் இவற்றில் எது எதைச் செய்கிறது என்று தேர்வில் குழம்பிவிடுகிறேன். விடைக்கான காரணத்தோடு சில பயிற்சி வினாக்கள் தர முடியுமா?

பதில்: இந்தக் குழப்பம் பெரும்பாலும் பின்தங்கும் இழையில்தான் வருகிறது. அதனால் வினாக்களும் அதைச் சுற்றியே இருக்கின்றன. எல்லாமே ஈ.கோலை பாக்டீரியாவை வைத்துக் கேட்கப்பட்டவை.

1. பிரைமேஸ் இல்லாமல் பாலிமரேஸ் 3 புதிய இழையைத் தொடங்க முடியாததற்குக் காரணம்?
(அ) அதற்கு ஆற்றல் போதாது
(ஆ) அது ஏற்கெனவே உள்ள 3' ஹைட்ராக்சில் முனையில் மட்டுமே சேர்க்கும்
(இ) அது ஆர்.என்.ஏ.வை மட்டுமே படிக்கும்
(ஈ) அது இழைகளைப் பிரிக்காது

விடை: ஆ. பாலிமரேஸுக்கு நீட்டத்தான் தெரியும், தொடங்கத் தெரியாது. பிரைமேஸ் சுமார் 10 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஆர்.என்.ஏ. பிரைமரைப் போட்டுக் கொடுத்தால், அதன் 3' முனையிலிருந்து பாலிமரேஸ் 3 வேலையைத் தொடரும். (ஈ) சொல்வது உண்மைதான்; ஆனால் அது ஹெலிகேஸின் வேலை, இந்தக் கேள்விக்கான காரணம் அல்ல.

2. ஆர்.என்.ஏ. பிரைமரை நீக்கி, அந்த இடத்தை டி.என்.ஏ.வால் நிரப்பப் பாலிமரேஸ் 1-க்கு உதவும் தனித்தன்மை எது?
(அ) 3'→5' எக்சோநியூக்ளியேஸ்
(ஆ) அதிக வேகம்
(இ) 5'→3' எக்சோநியூக்ளியேஸ்
(ஈ) முனைகளை ஒட்டும் திறன்

விடை: இ. பலரும் (அ)-வைத் தேர்ந்தெடுத்து ஏமாறுவது இங்கேதான். 3'→5' எக்சோநியூக்ளியேஸ் என்பது பின்னோக்கி நகர்ந்து, இப்போதுதான் தவறாகச் சேர்த்த காரத்தை வெட்டும் பிழைதிருத்தம். அது பாலிமரேஸ் 3-லும் உண்டு, 1-லும் உண்டு. ஆனால் பிரைமர் இருப்பது எங்கே? புதிதாக வளரும் துண்டு முன்னேறிச் சென்று முட்டும் இடத்தில், அதாவது அடுத்த துண்டின் 5' முனையில். எதிரே கிடப்பதை வெட்டிக்கொண்டே முன்னேற 5'→3' திறன் வேண்டும். அது பாலிமரேஸ் 1-க்குத்தான் இருக்கிறது.

1969-இல் டி லூசியா, கெய்ர்ன்ஸ் இருவரும் பாலிமரேஸ் 1-இன் இழை நீட்டும் செயல்பாடு ஏறக்குறைய இல்லாத ஈ.கோலை திரிபு ஒன்றைக் கண்டறிந்தார்கள். அது பிழைத்துப் பெருகியது. முதன்மையாக இழையை நகலெடுப்பது வேறொரு பாலிமரேஸ் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அந்தத் திரிபிலும் 5'→3' எக்சோநியூக்ளியேஸ் பெருமளவு மிஞ்சியிருந்தது. ஆகவே 'பாலிமரேஸ் 1-இன் எந்தச் செயல்பாடு போனாலும் செல்லுக்குக் கவலையில்லை' என்ற விருப்பத்தைக் கண்டால் டிக் அடித்துவிடாதீர்கள்.

3. வெப்பநிலை உயர்ந்தால் லிகேஸ் செயலிழக்கும் திரிபு ஒன்றை அந்த வெப்பநிலைக்கு மாற்றினால், பின்தங்கும் இழையில் எது சேரும்?
(அ) பிரைமர் இல்லாத, அருகருகே இருந்தும் ஒட்டாத டி.என்.ஏ. துண்டுகள்
(ஆ) பிரைமர்கள் மட்டும்
(இ) நடுவில் 10 நியூக்ளியோடைடு இடைவெளி உள்ள துண்டுகள்
(ஈ) எந்தப் புதிய டி.என்.ஏ.வும் இல்லை

விடை: அ. ஒவ்வொரு அடியாகப் பாருங்கள். 1,200 நியூக்ளியோடைடு நீளமுள்ள ஒகசாகி துண்டு ஒன்று முன்னால் உள்ள துண்டைத் தொடுகிறது. பாலிமரேஸ் 1 அங்கிருந்த 10 ரைபோநியூக்ளியோடைடுகளை வெட்டி, அதே அளவு டி.என்.ஏ.வைச் சேர்க்கிறது. எனவே (இ)-யில் சொன்ன இடைவெளி கிடையாது. மிஞ்சுவது ஒரே ஒரு விடுபட்ட பிணைப்பு: ஒரு பக்கம் 3' ஹைட்ராக்சில், மறுபக்கம் 5' பாஸ்பேட். இந்த வெட்டை மூடுவதுதான் லிகேஸின் வேலை. ஒரு நியூக்ளியோடைடு குறைந்தால்கூட அது இட்டு நிரப்பாது. இடைவெளி என்றால் பாலிமரேஸ், வெட்டு என்றால் லிகேஸ் என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

4. ஈ.கோலை மரபுத்தொகுதி சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்டது. ஒகசாகி துண்டு 1,000 நியூக்ளியோடைடு என்று கொண்டால், ஒரு முழு இரட்டிப்பில் லிகேஸ் ஏறக்குறைய எத்தனை ஒட்டுகள் போட வேண்டும்?
(அ) 46 (ஆ) 460 (இ) 4,600 (ஈ) 46,000

விடை: இ. இரண்டு கவைகள் எதிரெதிர்த் திசையில் ஓடினாலும், இரண்டின் பின்தங்கும் இழைகளையும் கூட்டினால் மொத்தம் 46 லட்சம் நியூக்ளியோடைடுகள்தான். 1,000-ஆல் வகுத்தால் 4,600. கவைகள் இரண்டு என்பதற்காக விடையை 2-ஆல் பெருக்கிவிடக் கூடாது. ஒவ்வொன்றும் பாதித் தொலைவுதான் போகிறது. துண்டு 2,000 நீளமென்றால் 2,300.

5. ஈ.கோலை லிகேஸ் ஆற்றலுக்குப் பயன்படுத்துவது?
(அ) ஏ.டி.பி. (ஆ) ஜி.டி.பி. (இ) என்.ஏ.டி. (ஈ) எதுவுமில்லை

விடை: இ. ஆய்வகத்தில் வழக்கமாகப் பயன்படும் டி4 லிகேஸுக்கு ஏ.டி.பி. தேவை என்பதால் பலர் (அ) என்று எழுதிவிடுகிறார்கள். வினாவில் எந்த உயிரியைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விடையைக் குறியுங்கள்.