தினமும் சுய இன்பம்: இது நோயா?

"வயது 29, கல்யாணம் ஆகவில்லை. தினமும் சுய இன்பம், சில நாள் இரண்டு முறை. வேலை ஒழுங்காகப் போகிறது, ஆனால் முடிந்ததும் குற்ற உணர்ச்சி. எனக்கு செக்ஸ் அடிமைத்தனமா?"

நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லை. எத்தனை முறை என்பதை வைத்து யாரும் இதை முடிவு செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில், பாலியல் உந்துதலை அடக்க முடியாமல் போகும் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' இருக்கிறது, 2022 முதல் நடைமுறையில். அதிலேயே, தவறு செய்கிறோம் என்ற ஒழுக்க உணர்வால் மட்டும் வரும் வேதனை இந்தக் கோளாறு என்று முடிவு செய்யப் போதாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள் (நம் ஊர் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைப்பதே அந்தக் குற்ற உணர்ச்சியில்தான்).

பார்க்க வேண்டியது கட்டுப்பாடு. நாளை காலை இன்டர்வியூ என்றால் இன்று தள்ளிப்போட முடிகிறதா? முடிந்தால் அது வெறும் அதிக ஆசை. நிறுத்தப் பலமுறை முயன்றும் தோற்று, ஆபீஸ் கழிவறையில் போன், தூக்கம் போச்சு, கடன் வாங்கிப் பணம் கட்டுகிறோம், கிடைக்கும் சுகம்கூடக் குறைந்துவிட்டது, ஆனாலும் விட முடியவில்லை என்று ஆறு மாதமோ அதற்கு மேலோ ஓடினால் மனநல மருத்துவரிடம் போங்கள். அங்கே எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

ஒன்று மட்டும் வேறு கணக்கு. ஆசை திடீரென ஏறி, தூக்கமே தேவைப்படாமல், பணத்தைக் கண்டபடி செலவழித்தால் அது பைபோலார் என்ற மனநிலைக் கோளாறாக இருக்கலாம். பார்க்கின்சனுக்குத் தரும் பிராமிபெக்ஸால் போன்ற மருந்தும் சிலருக்கு இப்படிச் செய்யும். அதற்கு ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது.