பெல்ட் கட்டினால் இடுப்பு தப்புமா? பிறை கிடங்குத் தொழிலாளிக்கு ஒரு பதில்

"ஐயா, நான் பிறையில் ஒரு கிடங்கில் ஏஜென்ட் மூலம் வேலை செய்கிறேன். வயது 41. கொண்டேனாவிலிருந்து சமையல் எண்ணெய்ப் பெட்டிகளை இறக்கிப் பாலட்டில் அடுக்குவது என் வேலை. ஒரு பெட்டி 21 கிலோ, ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 120 பெட்டி. மூன்று மாதமாக இடுப்பு வலி. கம்பெனி இடுப்புப் பெல்ட் கொடுத்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை லாரியில் ஏற்றும் பிரிவுக்கும் மாற்றுகிறார்கள். வலி குறையவில்லை. சொக்சோ பணம் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் கையெழுத்துக் கேட்கிறார். என்ன செய்வது?"

முதலில் பெல்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் நம் கிடங்குகளில் எல்லாரும் மருந்தாக நினைத்து வாங்கிக் குவிக்கிறார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1994-ஆம் ஆண்டிலேயே, காயம்படாத தொழிலாளியின் முதுகை இந்தப் பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தது. பிறகு சில்லறைக் கடைகளில் சரக்குத் தூக்குவோர் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும், பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகு வலியில் வேறுபாடு காணப்படவில்லை. பெட்டியின் எடையையோ அதை எடுக்க நீங்கள் குனியும் ஆழத்தையோ பெல்ட் மாற்றுவதில்லை. ஆனால் அதை விற்பவர் கம்பெனிக்கு ஒரு பில் தருகிறார், கம்பெனி அந்தப் பில்லைக் கோப்பில் வைத்துக்கொண்டு நடவடிக்கை எடுத்துவிட்டதாக எழுதிக்கொள்கிறது. உங்களுக்குக் காயம் ஏற்பட்ட பிறகு மருத்துவரோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளரோ குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டச் சொல்லியிருந்தால் அது தனிச் செய்தி, அதைத் தொடருங்கள்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். 21 கிலோ அதிகமா என்று கேட்டால், அந்தப் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். நம் மலேசியாவின் தொழிலியல் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை 2017-இல் வெளியிட்ட பணிச்சூழலியல் வழிகாட்டியில் ஓர் எளிய படம் உண்டு. ஆண் ஒருவர், கைகளைத் தொங்கவிட்டால் விரல் கணுக்கள் வரும் உயரத்துக்கும் முழங்கைக்கும் இடையில், உடம்பை ஒட்டித் தூக்கும்போது 25 கிலோ வரை அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. அதே ஆள் கெண்டைக்கால் நடுவுக்குக் கீழே, தரையை ஒட்டியுள்ள பெட்டியை எடுத்தால் அந்த எண் 10 கிலோவாகக் குறைகிறது. கையை நீட்டித்தான் எடுக்க முடியும் என்றால் 5 கிலோ. பெண்களுக்கு இவை 16, 7, 3 என்று இறங்குகின்றன.

இந்த எண்கள் எப்போதாவது தூக்குபவருக்கு உரியவை. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை தூக்கினால் 30 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். உடம்பை 90 பாகை திருப்பினால் இன்னும் 20 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். உங்கள் வேலையில் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு மணிக்கு 120 பெட்டி என்றால் நிமிடத்துக்கு இரண்டு. இடுப்பு உயரத்தில் உடம்பை ஒட்டிய மிக நல்ல நிலையிலேயே 25 கிலோ 17.5 ஆகிறது, பக்கத்தில் இருக்கும் பாலட்டுக்கு 90 பாகை திரும்பினால் 14 ஆகிறது. கொண்டேனாத் தரையில் இருக்கும் கடைசி வரிசையை எடுக்கும்போது 10 கிலோ 7 ஆகி, திருப்பத்தோடு 5.6-இல் வந்து நிற்கிறது. நீங்கள் அங்கே தூக்குவது 21 கிலோ. ஆக, சிறந்த உயரத்தில்கூட உங்கள் வேலை அந்தப் படத்தைத் தாண்டுகிறது, தரை வரிசையில் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இந்த எண்களைத் தாண்டினாலே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. தாண்டினால் முறையான, விரிவான மதிப்பீடு செய்தாக வேண்டும் என்பதே இதன் பொருள். "உங்கள் மதிப்பீட்டைக் காட்டுங்கள்" என்று நீங்கள் கேட்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அடுத்து வேலை மாற்றம். இறக்கும் இடத்திலிருந்து ஏற்றும் இடத்துக்கு மாற்றுவதால் உங்கள் முதுகுக்கு ஓய்வு கிடைக்காது. அதே குனிதல், அதே 21 கிலோ, அதே இடுப்பு. இன்னொன்றையும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் தூக்கிய 700 பெட்டிகளை நால்வர் ஆளுக்கு 175 ஆகப் பிரித்துக்கொண்டால் சோர்வு குறையும், ஆனால் தரையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொருவருடைய முதுகெலும்பின் மீதும் அதே உச்சச் சுமையைத்தான் ஏற்றும். ஒருவருக்கு வந்த வலி நால்வருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதற்கும் அது வழி செய்யலாம். ஆகவே சுமையைக் குறைத்த பிறகுதான் வேலை மாற்றம் பயன் தரும். அப்போதும் மாற்று வேலை வேறு தசைகளைப் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். நின்றபடி ஸ்கேன் செய்வது, லேபிள் ஒட்டுவது, பட்டியலைச் சரிபார்ப்பது போன்றவை பொருந்தும். உரிமம் உள்ளவருக்கு ஃபோர்க்லிஃப்ட் பொருந்தும் என்றாலும், நெடுநேரம் குலுக்கலில் உட்கார்ந்து இறங்கியவுடன் கனமான பெட்டியில் கை வைக்கக் கூடாது, சில நிமிடம் நடந்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

அப்படியானால் சுமையை எப்படிக் குறைப்பது? மலிவான வழியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அடுக்கும் பாலட்டின் கீழே இரண்டு காலிப் பாலட்டுகளை நேராக வைத்தால், அடுக்கும் தளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரும். முதல் வரிசைக்குக் குனிய வேண்டியது குறையும். மேலே வரிசைகளைக் கூட்டித் தோள் உயரத்தைத் தாண்டினால் கிடைத்த பயன் போய்விடும் என்பதால், பாலட்டின் உயரத்தை மேலேயும் கட்டுப்படுத்துங்கள். இதைவிடச் சிறந்தது சுருள்வில் கொண்ட பாலட் மேசை. எடை ஏற ஏறத் தானாகத் தாழ்ந்து, நீங்கள் வைக்கும் வரிசை எப்போதும் இடுப்பருகே இருக்கும். மேலே சுழலும் தட்டும் இருந்தால் பாலட்டைத் திருப்பிக்கொள்ளலாம், உடம்பைத் திருப்ப வேண்டாம், எட்டவும் வேண்டாம். கொண்டேனாவுக்குள் உருளைப் பாதையை நீட்டி வைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் நின்றுவிடும்.

கொண்டேனாத் தரையில் இருக்கும் வரிசையை எந்த மேசையும் உயர்த்தாது. அதற்கு உண்மையான தீர்வு, சரக்கைப் பாலட்டோடு அனுப்பும்படி விற்பவரிடம் கேட்பதுதான். பாலட்டில்லாமல் அடுக்கினால் கொண்டேனாவில் கூடுதல் பெட்டிகள் ஏறும் என்பதால் கொள்முதல் பிரிவு அதையே விரும்புகிறது. அங்கே மிச்சமாகும் சரக்குக் கட்டணத்தை உங்கள் இடுப்பு கட்டுகிறது, ஆனால் அந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. இருவர் சேர்ந்து தூக்கினால் என்ன என்றும் கேட்பார்கள். இருவரின் வலிமையைக் கூட்டினால் வருவதில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்மையில் கிடைக்கும், குறுகிய இடத்தில் அதுவும் குறையும்.

கருவி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனைக்குச் சென்ற ஒரு கிடங்கில், பெட்டியை உறிஞ்சித் தூக்கும் வெற்றிடக் கருவி தூசி படிந்து மூலையில் நின்றது. அதில் ஒரு பெட்டிக்கு ஆகும் நேரம் கையால் ஆவதைவிட அதிகம், ஆனால் மணிக்கு இத்தனை பெட்டி என்ற இலக்கை யாரும் மாற்றவில்லை. தொழிலாளர்கள் சோம்பல்பட்டு அதை ஒதுக்கவில்லை, அபராதத்துக்கு அஞ்சி ஒதுக்கினார்கள். கருவி வாங்கும்போதே இலக்கையும் எழுத்தில் மாற்ற வேண்டும் என்று நான் எழுதிய அறிக்கையும் அதே மூலைக்குத்தான் போயிருக்கும். இதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

ஏஜென்ட்டின் ஆள் என்பதால் கிடங்குக்குப் பொறுப்பில்லை என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது சரியன்று. திருத்தப்பட்ட தொழிலியல் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்த ஆள்களைத் தன் கட்டளையின் கீழ் வேலை வாங்கும் முதன்மை நிறுவனத்துக்கும் அது கடமை விதிக்கிறது, முதலாளி ஆபத்து மதிப்பீடு செய்யவேண்டும் என்றும் சொல்கிறது. 40 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். எத்தனை பெட்டி, எத்தனை கிலோ, எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்கு, உங்களோடு வேலை செய்வோரில் எத்தனை பேருக்கு வலி என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும், நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக சொக்சோ. விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, இடைத்தரகரும் தேவையில்லை. வேலையில் விபத்து என்று தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால், தற்காலிக ஊனத்துக்கு உங்கள் சராசரி நாள் ஊதியத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கலாம். ஆனால் உங்கள் வலி மூன்று மாதமாக மெல்ல வந்தது, இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "அன்று தூக்கியபோது சட்டென்று பிடித்தது" என்பது விபத்து. நாளடைவில் வந்தது தொழில்சார்ந்த நோய் என்ற வேறு வழியில் போகிறது, அங்கே மருத்துவரின் கருத்தும் உங்கள் வேலை விவரமும் முக்கியமாகின்றன. கையெழுத்துக் கேட்பவர்கள், சுலபமாக இருக்கட்டும் என்று, இல்லாத ஒரு விபத்து நாளை நிரப்பி விடுவார்கள். பிறகு சூப்பர்வைசர் அந்த நாளில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றால், உண்மையான வலியும் பொய்யாகிவிடும். நடந்ததை நடந்தபடி மருத்துவரிடம் சொல்லுங்கள், "இத்தனை கிலோ, நாளுக்கு இத்தனை முறை" என்பதை அட்டையில் எழுதச் சொல்லுங்கள், சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வலி ஒரு காலுக்குள் இறங்கினால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் போவதில் சிரமம், தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கிளினிக்கில் வரிசையில் காத்திராமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அன்றே செல்லுங்கள். சொக்சோ பணம் வாங்கித் தருவதாகச் சொன்னவர் கொடுத்த தாளில் இதுவரை கையெழுத்துப் போடவில்லை என்றால், போடாமலே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.