பறவைக்கும் பன்றிக்கும் வருகிற ஃப்ளூ வைரஸ் மனிதனுக்கு எப்படித் தாவுகிறது? தாவினால் நாம் எந்த அளவுக்குப் பயப்பட வேண்டும்?

தாவுவது வேறு, பரவுவது வேறு. நோயுற்ற கோழியிடமிருந்து ஒரு மனிதருக்கு வைரஸ் வந்துவிடுவது அவ்வப்போது நடக்கிறது. அவரிடமிருந்து அடுத்தவருக்கு, அங்கிருந்து இன்னொருவருக்கு என்று சங்கிலியாகப் போவதுதான் அரிது. செய்திகளில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் எதற்குப் பதற வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதே தெரியாமல் போகிறது.

இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 என்பதில் வரும் 'எச்' அதுதான். செல்லின் மேலிருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகை மூலக்கூறைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது. அந்த அமிலம் தன்னை அடுத்த சர்க்கரையோடு இரண்டு விதமாக இணைந்திருக்கும். ஒன்றுக்கு ஆல்ஃபா 2,3 என்று பெயர், மற்றதற்கு ஆல்ஃபா 2,6. வாத்தின் குடலில் இருப்பது முதல் வகை. நம் மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் பெரும்பாலும் இரண்டாவது வகை. பறவை வைரஸ் முதல் வகையைத்தான் நன்றாகப் பிடிக்கும் என்பதால், நம் மூக்குக்குள் வந்து விழுந்தாலும் அநேகமாக ஒட்டாமல் சளியோடு போய்விடுகிறது.

ஆனால் முதல் வகை நம் உடம்பில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. நுரையீரலின் அடியில், காற்றுப்பைகளில் இருக்கிறது. கண்ணின் வெண்படலத்திலும் இருக்கிறது. நோயுற்ற கோழியை அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கும்போது கிளம்பும் நுண்துளிகளை ஆழமாக இழுத்துவிட்டால் வைரஸ் அங்கே போய்ச் சேரும். அங்கே பெருகினால் கடும் நிமோனியா. நோய் இவ்வளவு கொடியதாக இருப்பதற்கும், அது அடுத்தவருக்கு எளிதில் தொற்றாமல் இருப்பதற்கும் பெரிய காரணம் இந்த ஆழம்தான். இருமலிலும் தும்மலிலும் தாராளமாக வெளியே வருவது மேலே மூக்கிலும் தொண்டையிலும் பெருகும் வைரஸ்.

நுழைந்த பிறகும் ஒரு தடை உண்டு. பறவையின் உடல் சூடு 40 டிகிரிக்கு மேல். நம் மூக்கினுள் 33 டிகிரி அளவுதான். பறவை வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கப் பயன்படுத்தும் நொதி இந்தக் குளிர்ச்சியில் மந்தமாகிவிடும். நம் செல்லின் புரதங்களோடும் அது சரியாகப் பொருந்தாது. ஒட்டுவது, பெருகுவது, காற்றில் பரவுவது என மூன்றுக்கும் தனித்தனி மாற்றங்கள் தேவை. அவை எல்லாம் ஒரே வைரஸில் சேர வேண்டும்.

தாய்லாந்தில் 2004 செப்டம்பரில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். காம்பேங் பெட் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் 11 வயதுச் சிறுமி அத்தை வீட்டில் இருந்தாள். அங்கே கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. அவளுக்குக் காய்ச்சல் வந்து நிமோனியா ஆனது. தாய் இருந்ததோ தொலைவில், பாங்காக் பக்கம்; கோழிகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. மகளைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்து, முகக்கவசம் எதுவும் இல்லாமல் மணிக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். சிறுமி இறந்தாள். சில நாளில் தாய்க்கும் நோய் வந்து அவரும் இறந்தார். அத்தைக்கும் தொற்றியது, ஆனால் பிழைத்துக்கொண்டார். ஆய்வாளர்கள் அழுத்தம் கொடுத்தது தாயின் விஷயத்துக்குத்தான்: கோழி பக்கமே போகாதவருக்கு மகளிடமிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். ஆக, எச்5என்1 மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகும். ஆனால் அதற்கு அவ்வளவு நெருக்கம், அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. சங்கிலி அந்தக் குடும்பத்தோடு அறுந்துபோனது.

இதில் நாம் செய்தி படிக்கும்போது பயன்படுத்தக்கூடிய ஒரு வழி இருக்கிறது. 'ஒரே வீட்டில் மூன்று பேருக்குப் பறவைக் காய்ச்சல்' என்று வந்தால் தேதிகளைப் பாருங்கள். மூவருக்கும் ஒன்றிரண்டு நாளுக்குள் காய்ச்சல் தொடங்கியிருந்தால், ஒரே கோழியிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் ஆளுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து, பறவையைத் தொடாத இன்னொருவருக்கு வந்தால் கவனிக்க வேண்டும். அவரிடமிருந்து மருத்துவமனை ஊழியருக்கோ பக்கத்து வீட்டுக்கோ போயிருந்தால், அப்போது உலகமே விழித்துக்கொள்ள வேண்டும்.

இனி பன்றி. பறவை வைரஸ், மனித வைரஸ் இரண்டுமே பன்றிக்குத் தொற்றும். இன்ஃப்ளூயன்சாவின் மரபுப்பொருள் ஒரே நீள இழையாக இல்லாமல் 8 தனித்தனி ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ்கள் நுழைந்துவிட்டால், வெளியே வரும் புது வைரஸில் இதிலிருந்து 3, அதிலிருந்து 5 என்று எப்படி வேண்டுமானாலும் துண்டுகள் சேரலாம். கணக்குப்படி 256 சேர்க்கைகள். பெரும்பாலானவை உருப்படாது. உருப்படுகிற ஒன்றுக்கு மனிதர்களிடையே பரவும் திறனும், நம் உடம்பு இதுவரை பார்த்திராத ஹீமக்ளூட்டினினும் சேர்ந்து அமைந்துவிட்டால் அதுதான் பெருந்தொற்று.

2009இல் அதுதான் நடந்தது. மார்ச் கடைசியில் கலிஃபோர்னியாவின் தெற்குப் பகுதியில் 10 வயதுப் பையன் ஒருவனுக்கும், இன்னொரு மாவட்டத்தில் 9 வயதுப் பெண் ஒருத்திக்கும் சாதாரணக் காய்ச்சலும் இருமலும் வந்தன. மாதிரியைச் சோதித்தால் 'இன்ஃப்ளூயன்சா ஏ உண்டு' என்று வருகிறது. ஆனால் அப்போது மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்த எச்1, எச்3 இரண்டுக்கும் 'இல்லை' என்று வருகிறது. வகைப்படுத்த முடியாத ஃப்ளூ என்பதுதான் ஆய்வகத்தில் கிடைக்கும் முதல் அபாய அறிகுறி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஏப்ரல் நடுவில் அது பன்றி வைரஸ் என்று கண்டது. இரண்டு குழந்தைகளும் பன்றியைத் தொட்டதில்லை, ஒருவரையொருவர் பார்த்ததும் இல்லை. அப்படியானால் நடுவில் கண்ணில் படாத பலர் இருந்தாக வேண்டும். மெக்சிகோவில் அதற்குள் பரவல் பெருகியிருந்தது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என அறிவித்தது.

அந்த வைரஸின் 8 துண்டுகளில் 6, வட அமெரிக்கப் பன்றிகளில் 1990களின் இறுதியிலிருந்து சுற்றிய ஒரு கலப்பிலிருந்து வந்தவை. அந்தக் கலப்பிலேயே பறவை, மனிதன், பன்றி மூவரின் துண்டுகளும் இருந்தன. மீதி 2 துண்டுகள் ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளில் இருந்த இன்னொரு வைரஸினுடையவை. அந்த இரண்டில் ஒன்றால் அமன்டடின் என்ற பழைய மருந்து முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லை, ஓசெல்டமிவிர் என்ற மருந்து கேட்டது. இன்னொரு வேறுபாடு வயதில் தெரிந்தது. 65 வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு 1957க்கு முன் சுற்றிய எச்1என்1 தந்த எதிர்ப்பு மிச்சமிருந்தது. அதனால் வழக்கமான ஃப்ளூவுக்கு மாறாக இளையவர்களும் நடுவயதினரும் அதிகம் இறந்தார்கள். முதல் ஆண்டில் உலக அளவில் 1.5 லட்சம் முதல் 5.75 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பிந்தைய மதிப்பீடு.

நம் ஊரில் இன்றும் 'பன்றிக் காய்ச்சல் பரவுகிறது' என்று தலைப்பு வரும்போது பலர் பன்றிகளைத் தேடுகிறார்கள். அது 2009இன் அதே வைரஸின் வழித்தோன்றல். இப்போது ஆண்டுதோறும் வரும் மனித ஃப்ளூ. மனிதரிடமிருந்துதான் வருகிறது. பருவகால ஃப்ளூ தடுப்பூசியில் அதற்கும் பாதுகாப்பு இருக்கிறது. கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் போட்டுக்கொள்வது நல்லது.

எச்5என்1 இன்னும் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். கோழிச்சந்தைகளை மூடி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்து நிறுத்தினார்கள். 2003 முதல் உலகில் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு உறுதியாகியிருக்கிறது, அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். இதை அப்படியே இறப்பு விகிதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனை வரை வந்தவர்களைத்தான் பெரும்பாலும் சோதித்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் இது கண்டுபிடிக்கப்பட்டது, மடியில் பெருகிப் பாலில் வந்தது. தொற்றிய பண்ணைத் தொழிலாளர் பெரும்பாலோருக்குக் கண் சிவந்தது, நோய் லேசாகவே இருந்தது. கறக்கும்போது தெறித்த பால் கண்ணில் பட்டிருக்கும் என்பது முன்வைக்கப்படும் விளக்கம். கண்ணில் முதல் வகை அமிலம் இருப்பதோடு அது பொருந்தவும் செய்கிறது.

சாப்பாட்டைப் பற்றிய பயம் தேவையில்லை. உள்பகுதி வரை 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் செத்துவிடும். நம் கோழிக்குழம்பு அதைத் தாண்டியே கொதிக்கிறது. பாலைக் காய்ச்சினால் போதும். நோய் பரவியிருக்கும் இடத்தில் ஹாஃப் பாயில் மட்டும் வேண்டாம். ஆபத்து அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும்தான்.

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கோழிகள் கூட்டமாகச் சாவது, கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து வீங்குவது, கால் தோலில் ரத்தத் திட்டு, இவை வெள்ளைக்கழிச்சலாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் போன்ற இடத்தில் சோதித்துத்தான் சொல்வார்கள். சாகப்போகிறதே என்று அவசரமாக அறுத்துச் சமைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. செத்ததை வெறுங்கையால் தொடாமல், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்காமல், குளத்தில் வீசாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை குழந்தைகளையும் நாய் பூனைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பூனைக்கு இது எளிதில் தொற்றும்.

செத்த பறவையைத் தொட்டுவிட்டீர்கள் என்றால் அடுத்த 10 நாள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகப் பறவை விஷயத்தைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் வழக்கமான நிமோனியா என்றுதான் நினைப்பார். உடனடி ஃப்ளூ பரிசோதனை எச்5 வகையைப் பிரித்துக் காட்டாது, சில நேரம் தவறாக 'இல்லை' என்றும் காட்டும், பிசிஆர் வேண்டும். ஓசெல்டமிவிர், பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை 5 நாள், 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருத்துவர்கள் தொடங்கிவிடுவார்கள்.