ஒட்டு மா என்று விற்றேன், நாட்டு மா வளர்கிறது என்கிறார்

கேள்வி: வீட்டின் பின்புறம் சின்னதாக நர்சரி வைத்திருக்கிறேன். என்னிடம் ஒட்டு மாங்கன்று வாங்கியவர் ஒன்றரை வருடம் கழித்து வந்து, "இது ஒட்டே இல்லை, ஏமாற்றிவிட்டீர்கள்" என்கிறார். பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: முதலில் போய்ச் செடியைப் பாருங்கள். அடித்தண்டைச் சுற்றியுள்ள மண்ணைக் கையால் விலக்கி, ஒட்டுத் தழும்பைத் தேடுங்கள். சற்றே புடைத்தோ சாய்வான கோடாகவோ இருக்கும். பட்டையின் நிறமும் அந்த இடத்தில் மாறும்.

தழும்பே இல்லையென்றால் விதைக்கன்று கைமாறிப் போயிருக்கிறது. தவறு உங்களுடையது. வாதாடாமல் பணமோ புதுக் கன்றோ கொடுத்துவிடுங்கள்.

ஆனால் பெரும்பாலும் தழும்பு இருக்கும். அதற்குக் கீழிருந்து ஒரு கிளை தடதடவென்று மேலே போயிருக்கும். அது வேர்ச்செடியின் துளிர், கொட்டை முளைத்து வந்த செடியுடையது. சாறு முதலில் அதற்குப் போவதால் மேலே இருக்கும் ஒட்டு மெலிந்து, கவனிக்காவிட்டால் காய்ந்தே போகும். வாங்கியவர் செழிப்பான கிளையைப் பார்த்து சந்தோஷப்பட்டிருப்பார், பாவம்.

இன்னொன்றையும் பாருங்கள். தழும்பைச் சுற்றி பாலிதீன் நாடா இன்னும் இருக்கிறதா? தண்டு பருக்கும்போது அது இறுக்கி, இடுப்பு போட்டதுபோல் குறுகச் செய்யும். நாடாவை அவிழ்க்காமல் விற்றிருந்தால் பழி உங்கள்மேல்தான். கீழ்த்துளிரைக் கிள்ளச் சொல்லாமல் விட்டிருந்தாலும் பாதிப் பழி உங்களுக்கு உண்டு.

ஒட்டு உயிரோடு இருந்தால், கீழ்க்கிளையை அது கிளம்பும் இடத்திலேயே, குச்சி மிச்சமில்லாமல் வெட்டுங்கள். மிச்சம் விட்டால் அதிலிருந்து இரண்டு மூன்றாகத் துளிர்க்கும். ஒட்டு செத்திருந்தால் பணம் கொடுப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வேர் ஏற்கெனவே மண்ணைப் பிடித்திருக்கிறது. அந்த வேர்ச்செடிக் கிளையில் பென்சில் பருமனுள்ள இளம் பகுதியைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே மறுபடி ஒட்டுக் கட்டிக் கொடுங்கள். தாய்மரத்தில் அதே பருமனுள்ள முற்றிய நுனிக்கிளையைக் குறித்துக்கொண்டு, காம்பு மட்டும் நிற்கும்படி இலைகளை நறுக்குங்கள். ஏழெட்டு நாளில் மொட்டு உப்பும், அப்போது வெட்டி எடுங்கள். பிடித்தால் சில வாரங்களில் துளிர் விடும். பிடிக்காவிட்டால் பணத்தைத் தருவதாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மனஸ்தாபம் வராது.

அப்புறம், இனி ஒட்டுக்கு மேலே இரண்டு தடவை துளிர்த்து இலை முற்றிய கன்றை மட்டும் விற்றுப் பாருங்கள். துளிர்க்காமல் பச்சையாக நிற்கும் குச்சியை நம்ப முடியாது, உள்ளே இருந்த சத்திலேயே கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும். நான் தழும்பின்மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு வளையம் போட்டுவிடுவேன். "இந்த வளையத்துக்குக் கீழே எது துளிர்த்தாலும் கிள்ளிவிடுங்கள், நடும்போது வளையத்தை மண்ணில் புதைக்காதீர்கள்" என்று சொல்லித்தான் கன்றைக் கையில் கொடுப்பேன்.