அம்மா கொழும்பில், பிள்ளை அம்மம்மா வீட்டில்: இரவில் எப்படி நித்திரையாக்குவது?

"எனக்கு 10 மாதப் பெண்பிள்ளை. வாற வியாழக்கிழமை கொழும்பில் வேலைக்கு இன்டர்வியூ, கணவரும் கூட வாறார். ஓர் இரவு ஒட்டுசுட்டானில் அம்மா அப்பாவிடம் பிள்ளையை விட்டுப்போக வேணும், இதுதான் முதல் தடவை. நான் பால் கொடுத்தால்தான் நித்திரையாவாள், நடுச்சாமத்தில் ஒருக்கா எழும்பிக் குடிப்பாள். அம்மா சமாளிப்பாவா? பாமசியில் ஒருவர், ஓர் இரவுதானே, கொஞ்சம் பாணி மருந்து கொடுத்தால் விடியும்வரை படுக்கும் என்றார். கொடுக்கலாமா, டொக்டர்?"

பாணியைக் கொடுக்கக் கூடாது. அதைப்பற்றிக் கீழே கொஞ்சம் கோபமாகவே எழுதப்போகிறேன், முதலில் உங்கள் அம்மாவின் பாட்டைப் பார்ப்போம்.

எந்தப் பிள்ளையும் ஒரே மூச்சில் விடியும்வரை நித்திரை கொள்வதில்லை. ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நித்திரை இலேசாகும், பிள்ளை அரைக்கண்ணில் ஒருக்கா அசையும், படுக்கும்போது இருந்தது எல்லாம் அப்படியே இருந்தால் திரும்பவும் படுத்துவிடும். இருந்தது இல்லாவிட்டால்தான் முழுசாக எழும்பிக் கத்தும். நீங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்து முற்றத்தில் கண்விழித்தால் பதறமாட்டீர்களா, அதுதான் அதுக்கும். 10 மாதம் என்பது அம்மாவைக் காணாவிட்டால் தேடி அழுகிற வயதின் நடுப்பகுதி என்பதால் அழுகை கொஞ்சம் கூடவே இருக்கும். ஆகவே அம்மா படுக்கவைப்பதை மட்டும் யோசித்தால் போதாது, படுக்கவைத்தவர், படுத்த இடம், அந்த வெளிச்சம், அந்தச் சத்தம் எல்லாம் இரவு 12 மணிக்கும் 2 மணிக்கும் மாறாமல் இருக்க வேண்டும். மடியில் போட்டு ஆட்டி நித்திரையாக்கிவிட்டு நைசாக அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டால் முதல் மணித்தியாலத்திலேயே விளையாட்டு முடிந்துவிடும்.

வியாழனுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால், இன்றிலிருந்தே வீட்டில் ஒரு மாற்றம் செய்யுங்கள். பாலைக் கொடுத்து, பிள்ளை கண் சொக்கும்போது மார்பிலிருந்து எடுத்து, பாயில் விட்டு, நெஞ்சில் கையை வைத்து ஒரே மாதிரி ஒரு சத்தம் போடுங்கள். "ஓ... ஓ..." என்றாலும் சரி, "ஆராரோ" என்றாலும் சரி, தினமும் அதே சத்தம். இரண்டு நாள் கத்துவாள், பரவாயில்லை. அப்புறம் முடிந்தால் புறப்படும் அன்று காலையிலேயே ஒட்டுசுட்டானுக்குப் போய்விடுங்கள். மத்தியான நித்திரையை உங்கள் அம்மா படுக்கவைக்கட்டும், நீங்கள் குசினிப் பக்கம் இருங்கள், எட்டிப் பார்க்க வேண்டாம். அந்தப் பகல் நித்திரைதான் இரவுக்கு ஒத்திகை, உங்கள் அம்மாவுக்கும் ஒரு தைரியம் வரும்.

பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிள்ளையைப் படுக்க விடாதீர்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள், ஒவ்வொருவராகத் தூக்குவார்கள், பிள்ளை களைத்து ஐந்தரைக்கு யாருடைய தோளிலாவது சாய்ந்துவிட்டால் ஒன்பதரை வரைக்கும் விழித்திருக்கும். போகும்போது பிள்ளை பார்க்காத நேரமாக ஒளிந்து போகாதீர்கள். முகத்தைக் காட்டி, ஒரு கொஞ்சல் கொஞ்சி, போய்ட்டு வாறன் என்று சொல்லிப் போங்கள். அழுவாள்தான். ஒளிந்து போனால் அன்றைக்கு முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள், அது இன்னும் மோசம். இன்னொன்று, பஸ்ஸிலிருந்து வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுக்காதீர்கள். முகம் தெரியும், வாசமும் இல்லை, தூக்கவும் மாட்டீர்கள், அடங்கின அழுகையைத் திரும்பவும் கிளப்பிவிடும் வேலை அது. அம்மாவுக்குக் குறுஞ்செய்தி போடுங்கள், போதும்.

பால் விசயம் இலேசு. இரண்டு நேரத்துக்கு, ஒவ்வொரு நேரத்துக்கும் 120 முதல் 150 மில்லிலீற்றர் வரை பிழிந்து மூடிய பாத்திரத்தில் ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோங்கள், போனதும் குளிர்சாதனப் பெட்டியின் உட்பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். கொடுக்கும்போது சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் வைத்துச் சூடாக்குவது, அடுப்பில் வைப்பதில்லை. நம் வெக்கையில் வெளியே எடுத்து வைத்த பாலையும் குடித்து மிச்சம் விட்ட பாலையும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. போத்தல் பழக்கமில்லாவிட்டால் அந்த இரவில் புதிதாகத் தொடங்காமல் கப்பிலோ கரண்டியிலோ கொடுக்கட்டும். இன்டர்வியூக்குப் போகிற நீங்களும் மூன்று நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிழிந்துவிடுங்கள், மார்பு கட்டிக் காய்ச்சல் வரக்கூடாது.

படுக்கை இப்படி இருக்கட்டும். தரையில் பாய், அதன்மேல் ஒரு பருத்திச் சீலையை இறுக்கி விரித்து, பிள்ளை மல்லாக்க, பக்கத்தில் தனிப் பாயில் உங்கள் அம்மா. இருவருக்குமாக ஒரு நுளம்பு வலை, விளிம்பைப் பாயின் கீழே சுற்றிவரச் செருகியிருக்க வேண்டும், வன்னியில் அது நுளம்புக்கு மட்டுமல்ல, தரையில் படுப்பவர்களிடம் வருகிற பாம்புக்கும்தான். நுளம்புத்திரி பிள்ளை படுக்கிற அறையில் வேண்டாம். தலையணை, பஞ்சுப் பொம்மை, போர்வை எதுவும் பிள்ளையின் பாயில் வேண்டாம். சுவர் ஓரக் கட்டிலும் பஞ்சு மெத்தையும் வசதியாகத் தெரியும், சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் பிள்ளை இறுகிக்கொள்ளும். உங்கள் அம்மா நித்திரை மாத்திரையோ ஒவ்வாமைக்கு மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் அன்றிரவு பக்கத்தில் இன்னொருவர் படுக்கட்டும். அப்பாவுக்குப் பின்னேரம் ஒரு சாராயப் பழக்கம் இருந்தால் அவர் மண்டபத்தில் படுக்கட்டும், முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமென்றால் என்னைச் சாட்டிச் சொல்லுங்கள். நீங்கள் அன்று உடுத்திக் கழற்றிய சட்டையை அம்மா தோளில் போட்டுக்கொண்டு தாலாட்டலாம், வாசம் உதவும். நித்திரையானதும் எடுத்துவிட வேண்டும். கரண்ட் போனால் பான் சத்தமும் நிற்கும், காற்றும் நிற்கும், இரண்டாலும் எழும்புவாள், ஆகவே ஒரு ஓலை விசிறியைத் தலைமாட்டில் வைத்திருக்கட்டும்.

இனி ஏணை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் அம்மம்மா கட்டாயம் வளையில் சீலை கட்டி வைத்திருப்பார். இடம் மாறக்கூடாது என்று மேலே சொன்னேன், ஏணைப் பிள்ளைக்கு மட்டும் அந்த விதி செல்லாது. இரவு முழுக்க ஏணையில் விடுவது 10 மாதத்தில் ஆபத்து: எழுந்து உட்காரும், சரியும், சீலை முறுகிக் கழுத்தில் சுற்றும், நாடி நெஞ்சில் மடிந்தால் மூச்சும் சிரமப்படும். ஆனால் பிறந்ததிலிருந்து ஏணையிலேயே படுத்த பிள்ளையை அன்றிரவு திடீரென்று பாயில் போட்டாலும் வீடே நித்திரை கொள்ளாது. ஆகவே ஏணையைத் தரைக்குப் பக்கத்தில் தாழக் கட்டி, ஆள் பக்கத்திலிருந்து ஆட்டி, கண்மூடியபின் இருபது நிமிடம் காத்திருங்கள். கையைத் தூக்கிவிட்டால் துவண்டு விழ வேண்டும், அப்போதுதான் ஆழ்ந்த நித்திரை. பின்பு மெதுவாகத் தூக்கி, முதலில் குண்டி பாயில் படவேண்டும், அப்புறம் முதுகு, கடைசியாகத்தான் தலை. தலையை முதலில் வைத்தால் விழுகிற மாதிரி உணர்ந்து திடுக்கிட்டு எழும்பிவிடும். நெஞ்சில் வைத்த கையை உடனே எடுக்காமல், ஏணை ஆட்டிய அதே வேகத்தில் இலேசாகத் தட்டிக்கொண்டே நிறுத்த வேண்டும். நடுச்சாமத்தில் எழும்பினால் திரும்ப ஏணைக்குக் கொண்டுபோக வேண்டாம், பாயிலேயே தட்டட்டும்.

எழும்பும்போது என்ன செய்வது? கண்மூடியபடி முனகினால் அது எழும்பியதல்ல, ஒரு நிமிடம் சும்மா இருக்கட்டும். அழுதால் லைற் போடாமல் கை, பிறகு சத்தம், பிறகு தூக்குதல், வழக்கமாகக் குடிக்கிற நேரம் என்றால் பால். முற்றத்துக்குக் கொண்டுபோய் நிலாக் காட்டுவது, ரிவி போடுவது, அம்மப்பாவை எழுப்புவது எல்லாம் விடிந்துவிட்டது என்று பிள்ளைக்குச் சொல்வது போலத்தான். அரை மணித்தியாலமாகியும் அடங்காவிட்டால் உடுப்பைக் கழற்றிப் பார்க்கட்டும்: எறும்பு கடித்திருக்கலாம், விரலில் தலைமயிர் இறுகச் சுற்றியிருக்கலாம், பம்பஸ் நனைந்திருக்கலாம். காய்ச்சல், வேகமான மூச்சு, பச்சை வாந்தி, துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை பார்க்காமல் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

சரி, பாணி. அந்த ஆள் தரப்போவது பெரும்பாலும் தடிமனுக்கும் கடிக்கும் கொடுக்கிற மருந்து, நித்திரை வருவது அதன் பக்கவிளைவு. இதே வகையில் புரோமெத்தசின் என்றொரு மருந்து இருக்கிறது, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கி இறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்றதும் ஒரு வயதுக்குள் வைத்தியர் பார்த்து எழுதாமல் கொடுப்பதற்கானதல்ல. பிள்ளையின் நிறையைக் கேட்டாரா அவர்? இல்லையே, அரைக் கரண்டி என்று மட்டும்தான் சொல்லியிருப்பார். வீட்டுக் கரண்டி ஒன்று மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்று ஏழு பிடிக்கும். சில பிள்ளைகளுக்கு அது நித்திரைக்குப் பதில் இரவு முழுக்கத் துள்ளலைத் தரும், அப்போது இரண்டாம் கரண்டி போகும், விபத்து அங்கேதான் நடக்கிறது. மருந்துச் சிட்டை இல்லாமல் எதையும் நீட்டுகிற கவுண்டர்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், சிரித்த முகம், ஒரு போத்தல் விற்றால் இலாபம், மருந்தாளர் பட்டம் சுவரில் தொங்கும், ஆள் கடையில் இருக்கமாட்டார். யார் பரிசோதிக்கிறார்கள்? கிளினிக்கில் நிறையையும் ஊசியையும் பதிந்து அனுப்பிவிடுகிறோம், இரவைப்பற்றி ஒரு தாயிடம் ஐந்து நிமிடம் கதைக்க நேரமில்லை, ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இரண்டு பேரின் பகுதியைப் பார்க்கிற இடங்களில் அவரைக் குறைசொல்லவும் மனமில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கவுண்டர்காரர் டொக்டராகிறார். 10 மாதப் பிள்ளையின் தாயை ஓர் இன்டர்வியூக்காகக் கொழும்புவரை இழுக்கிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம், அது வேறு கதை.

பாமசிக்குப் பதிலாக வீட்டு வைத்தியம் வந்தாலும் இதே பதில்தான். சாதிக்காயை உரைத்து நாக்கில் தடவுவது வேண்டாம், பிள்ளைக்கு எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. தேன் ஒரு வயதுக்கு முன் ஒரு துளியும் கூடாது, அதிலிருக்கிற ஒருவகைக் கிருமி பிள்ளையின் குடலில் வளர்ந்து உடம்பைத் தளர்த்திவிடும். கழுத்தில் மந்திரித்த நூல் கட்ட யாராவது வந்தால், படுக்கையில் அது இறுகும், கட்டியே ஆகவேண்டும் என்றால் வாசற்படியில் கட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் திரும்பி வந்ததும் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மம்மாவிடம் ஒட்டினால் கோபமென்று நினைக்க வேண்டாம், பத்து நிமிடம் பக்கத்தில் சும்மா இருங்கள். அடுத்த இரண்டு மூன்று இரவுகள் வழக்கத்தைவிட ஒருதடவை கூட எழும்பலாம். கேட்டால் பால் கொடுங்கள், படுக்கவைக்கிற முறையை மட்டும் மாற்றாதீர்கள்.