ஃபைனல் இயர் ரிப்போர்ட்: ஃபாண்ட்ட விடு, முதல்ல டேபிளையும் டிராயிங்கையும் ஒண்ணா வச்சுப் பாரு

தம்பி, ரிப்போர்ட் பாத்தேன். ஃபாண்ட், மார்ஜின்லாம் காலேஜ் டெம்ப்ளேட்ல கொட்டுனா சரியாயிடும், அதுக்கு ராத்திரி முழிக்காத. வைவால மாட்டுற இடமே வேற, டிசைன் டேபிள்ல இருந்து ஒரு நம்பர புடிச்சு "இது டிராயிங்ல எங்க இருக்கு, உங்கள்ல யாரு போட்டது"ன்னு எக்ஸாமினர் கேட்டா நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பீங்க.

உன் ஷாஃப்ட்டையே எடுத்துக்கோ. டார்க் 85 நியூட்டன் மீட்டர், அலவபிள் ஷியர் 40 எம்பிஏ.

```
d³ = 16T / (π τ)
```

22.12 மிமீ வருது, டேபிள் அதோட நின்னுடுச்சு. ஆனா பார்ட் டிராயிங்ல 25 இருக்கு, அசெம்ப்ளில 24 இருக்கு, அது பழைய ரிவிஷனா இருக்கும்னு நெனைக்கிறேன். அதனால டேபிள்ல கணக்குல வந்த அளவு, எடுத்துக்கிட்ட அளவு, ஏன், டிராயிங் நம்பர்னு தனித்தனி column போடு. 25 ஏன்னா 6205 பேரிங்கோட உள்விட்டம் 25, அத அப்படியே எழுதிடு. அப்புறம் 25-க்கு திருப்பி ஸ்ட்ரெஸ் போட்டா 27.7 எம்பிஏ வரும். டிராயிங்ல கீவே வேற இருக்கே, அதுக்கு அலவபிள வழக்கமா 25 சதவீதம் குறைப்பாங்க, 40 வந்து 30 ஆயிடும், அப்பவும் நீ உள்ளதான் இருக்க, ஆனா அந்த ஒரு வரி ரிப்போர்ட்ல இல்லன்னா அத எக்ஸாமினர் கேட்டுதான் நீ யோசிச்ச மாதிரி ஆயிடும்.

டீம் பங்களிப்பு பக்கத்துல "எல்லாரும் சேந்து செஞ்சோம்"னு இருக்கே, அத தூக்கிடு. யாரு எந்த கணக்கு, எந்த டிராயிங், எந்த டெஸ்ட்னு பேரோட போடு, டிராயிங் டைட்டில் பிளாக்ல வரைஞ்சவர், செக் பண்ணவர்னு இருக்குற பேரும் அதோட ஒத்துப்போகணும். இப்ப நாலு ஷீட்லயும் உன் பேர்தான் இருக்கு, ரிப்போர்ட்டுக்குள்ள இன்னொருத்தன் வரைஞ்சான்னு எழுதியிருக்க! இன்டர்வியூலயும் இதையேதான் நோண்டுவாங்க.

அப்பெண்டிக்ஸ்ல ஏ1 ஷீட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஏ4-ல ஒட்டியிருக்க. 3.5 மிமீ எழுத்து 1.2 மிமீ ஆகிடும், டைமென்ஷன் ஒண்ணும் படிக்க முடியாது. ஏ3-க்கு குறைச்சாகூட எல்லாம் பாதியாகும், 1:50-ன்னு போட்டிருக்குறது நிஜத்துல 1:100, ஸ்கேல் பொய்யாயிடும். CAD-ல ஏ3 லேயவுட் புதுசா வச்சு, எழுத்து 2.5 மிமீ, ஸ்கேல மாத்தி, நேரா பிடிஎஃபா பிளாட் பண்ணு.

வேர்ட்ல அந்த டிராயிங்குக்கு முன்னாடியும் பின்னாடியும் Next Page செக்ஷன் பிரேக் வச்சிட்டு, நடுவுல மட்டும் லேண்ட்ஸ்கேப் பண்ணு. ஹெடர் ஃபூட்டர் மாத்துறதுக்கு முன்னாடி Link to Previous-ஐ அந்த செக்ஷன்லயும் அடுத்த செக்ஷன்லயும் ஆஃப் பண்ணிடு, இல்லன்னா இங்க தொட்டது மொத்த ரிப்போர்ட்டையும் கலைச்சிடும். அசெம்ப்ளில அந்த 24-ஐ திருத்துனதுக்கு அப்புறமா மட்டும் பிளாட் போடு.